"கபடி – 8 மட்டும்": ஓர் ஊர் விளையாட்டு விழாவின் முன்பதிவு அறிவிப்பு, நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருவாரூர் மாவட்டத்தில், வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஒரு ஊராட்சி. காணும் பொங்கலன்று விளையாட்டு விழா நடத்துவது அங்கே பழைய வழக்கம். 2025-இல் அந்த நாள் ஜனவரி 16, வியாழக்கிழமை. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறவர்கள். பொங்கலுக்கு முதல் நாள்தான் வந்து இறங்குவார்கள். அதனால் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுவதை விட்டுவிட்டு, சில வருடமாக ஊர் வாட்ஸாப் குழுவில்தான் முன்பதிவு. குழுவில் 400-க்கும் மேல் உறுப்பினர்கள்.

விழாக் குழுவில் நான்கு பேர்: செயலாளர், அவருக்குத் துணையாக போனைக் கையாளும் ஓர் இளைஞர், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து ஓர் அக்கா, ஒரு காலத்தில் கபடி ஆடிய பெரியவர்.

அந்த ஆண்டு ஓர் இடைஞ்சல் இருந்தது. வழக்கமாகக் கபடிக்கு இரண்டு திடல் போடுவார்கள், ஒன்று பள்ளி மைதானத்தில், இன்னொன்று பொதுக் களத்தில். முன்பட்டமாக விட்ட சம்பா அறுவடைக்கு வந்துவிட்டதால் பொதுக் களத்தில் நெல் காய்ந்தது. கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏறும்வரை அதை யாரும் அள்ளச் சொல்ல முடியாது. ஆக ஒரே திடல். கபடிக்கு எத்தனை அணி என்ற வரம்பு இங்கிருந்துதான் வந்தது.

வரம்பைக் கணக்கிட்ட விதம் சரியாகவே இருந்தது. 15 நிமிடம் வீதம் இரண்டு பாதி, நடுவே 5 நிமிடம், அணி மாறவும் நடுவரோடு வாதாடவும் 10 நிமிடம். ஓர் ஆட்டத்துக்கு 45 நிமிடம் பிடிக்கும். தோற்றால் வெளியே என்ற முறையில் அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை வந்துவிடும். 8 அணிக்கு 7 ஆட்டம். தை மாதப் பனியில் மண் ஈரமாக இருக்கும், 10 மணிக்கு முன் இறக்கினால் வழுக்கும். 10-க்குத் தொடங்கினால் நான்கு காலிறுதியும் பகல் 1 மணிக்குள் முடியும். சாப்பாட்டுக்குப் பின் 2 மணிக்கு இரண்டு அரையிறுதி, அரை மணி ஓய்வு, 4 மணிக்கு இறுதி ஆட்டம், 4.45-க்கு முடிவு. இதையே 12 அணி என்று வைத்தால் 11 ஆட்டம். இடைவேளைகளையும் சேர்த்தால் இரவு 7.45 ஆகிவிடும். ஜனவரி நடுவில் 6 மணியை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடும், மைதானத்தில் விளக்கு கிடையாது. 9 அணிகூடத் தாங்காது. கூடுதல் ஓர் ஆட்டத்தைக் காலையில் வைத்தால் சாப்பாடு தள்ளும், மாலையில் வைத்தால் பரிசளிப்பு இருட்டில் நடக்கும்.

சிறுவர் 100 மீட்டருக்கு 24 பேர் என்ற வரம்பும் அப்படித்தான். சுண்ணாம்புக் கோடு போட்டால் மைதானத்தில் 6 தடம் அமையும். 24 பேர் என்றால் நான்கு சுற்று. இருபத்தைந்தாவதாக ஒரு பையனைச் சேர்த்தால் அவன் ஒருவனுக்காக ஐந்தாவது சுற்று ஓட வேண்டியிருக்கும்.

குழுவிடம் கணக்கு இருந்தது. அது அறிவிப்பில் ஏறவில்லை.

முதல் அறிவிப்பு

ஜனவரி 3, வெள்ளி மாலை 7 மணி வாக்கில் குழுவில் போடப்பட்டது இது:

> அன்பார்ந்த ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம். நமது ஊரில் ஆண்டுதோறும் வெகு சிறப்பாக நடைபெற்று வரும் பொங்கல் விளையாட்டு விழா இந்த ஆண்டும் பெரியோர்கள் ஆசியுடன் காணும் பொங்கல் அன்று பள்ளி மைதானத்தில் நடைபெற உள்ளது. அனைவரும் திரளாகக் கலந்துகொண்டு சிறப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.
> போட்டிகள்: கபடி – 8 மட்டும். சிறுவர் 100 மீ (14 வயது வரை) – 24. சிறுமியர் 100 மீ – 24. ஸ்லோ சைக்கிள் – 20. கோலப்போட்டி – 30.
> முந்துபவர்களுக்கே முன்னுரிமை. வரும் ஞாயிறு இரவு 12 மணிக்குள் கீழே உள்ள பட்டியலில் பெயர் சேர்த்துப் பதிவிடவும்.
> 1.
> 2.
> 3.

கண்டது

மறுநாள் சனிக்கிழமை மதியத்துக்குள் நான்கு கோளாறுகள் வெளியே வந்தன.

முதலாவது, "8 மட்டும்". எட்டு அணி என்பது குழுவின் எண்ணம். ஆனால் ஆறு பேர் அணிப்பெயரும் ஏழு பேர் தனிப்பெயரும் போட்டிருந்தார்கள். தனிப்பெயர் போட்டவர்கள் எட்டு ஆட்டக்காரர்களைத்தான் குழு கேட்கிறது, ஊர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தார்கள். கீழே ஓட்டத்துக்கு எழுதிய 24 ஆட்கணக்காக இருக்கும்போது மேலே உள்ள 8-ஐயும் ஆட்கணக்காக எடுத்துக்கொண்டதில் அவர்கள்மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, பட்டியல். இதுதான் மோசமான சேதம் செய்தது, அதுவும் சத்தமில்லாமல். பட்டியலை நகலெடுத்து, கடைசியில் தன் பெயரைச் சேர்த்து மறுபடி போடும் முறை இரண்டு பேர் ஒரே நேரத்தில் செய்யும்வரைதான் ஒழுங்காக இருக்கும். சிறுவர் ஓட்டப் பட்டியலில் வெள்ளி இரவு 11 பெயர் இருந்தது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு பேர் அதே 11 பெயரை நகலெடுத்து, ஆளுக்கொரு பெயரைப் பன்னிரண்டாவதாகச் சேர்த்துப் போட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் பின்னதை எடுத்தார். முன்னதில் இருந்த பன்னிரண்டாவது பையன் அங்கேயே உதிர்ந்துபோனான். யாரும் அவனை அழிக்கவில்லை, இருந்தும் அவன் இல்லை. சனிக்கிழமை நண்பகலில் கடைசியாகக் கிடந்த பட்டியலில் 19 பெயர். இளைஞர் மேலே தள்ளித் தள்ளி எல்லாப் பட்டியலையும் ஒப்பிட்டபோது 23 வெவ்வேறு பெயர் கிடைத்தன. நான்கு பிள்ளைகள் காணாமல் போயிருந்தார்கள். ஒரு தாயின் குரல் பதிவு வந்த பிறகுதான் இப்படித் தேடவே தோன்றியது: "தம்பி, ராத்திரி எம்புள்ள பேரு பதிமூணாவதா இருந்துச்சு. காலைல பாத்தா அந்த எடத்துல வேற பேரு இருக்கே, என்னப்பா கணக்கு இது?"

ஒரு பட்டியல் இப்படிப் பிளந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரே வரிசை எண் வெவ்வேறு பெயரோடு இரண்டு இடத்தில் தெரிந்தால் அந்த இடத்தில்தான் பிளவு.

மூன்றாவது, கடைசி நேரம். "ஞாயிறு இரவு 12" என்பதைச் சனி நள்ளிரவு என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள், ஞாயிறு நள்ளிரவு என்று சிலர். திருப்பூரில் இருந்த ஒரு கூட்டம் ஜனவரி 12-ஆம் தேதி என்றே நினைத்து, விடுப்பு உறுதியான பிறகு பெயர் கொடுக்கலாம் என்று பேசாமல் இருந்துவிட்டது. போதாததற்கு இந்த வரி அறிவிப்பின் அடியில் இருந்தது. நீளமான செய்தியை வாட்ஸாப் பாதியில் மடித்து, 'மேலும் படிக்க' என்று காட்டும். மேலே வணக்கமும் ஆசியும் நிறைந்திருந்ததால் பல போன்களில் கடைசி நேரம் மடிப்புக்குக் கீழே போய்விட்டது.

நான்காவது, யார் சேரலாம் என்று எங்கேயுமே இல்லை. அறிவிப்பைப் பலர் வெளிக் குழுக்களுக்கு அனுப்பியதில் பக்கத்து ஊர்க் கபடி அணிகள் இரண்டு பதிந்திருந்தன. இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கேள்வி: வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் பொங்கலுக்குப் பிறந்த வீடு வரும்போது கூட வரும் பிள்ளைகள் ஓடலாமா? ஒவ்வோர் ஆண்டும் எழும் கேள்விதான். ஒவ்வோர் ஆண்டும் மைதானத்தில் நின்றுகொண்டுதான் அதற்குப் பதில் சொல்வார்கள்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

சனி மாலை நால்வரும் பள்ளித் திண்ணையில் உட்கார்ந்தார்கள். அறிவிப்பைத் திருத்த முடியாது, ஏனென்றால் அனுப்பி 15 நிமிடம் வரைதான் வாட்ஸாப் திருத்த விடும். எல்லோருக்குமாக அழிக்க இன்னும் நேரம் இருந்தது.

"அண்ணே, அழிச்சுட்டுப் புதுசா ஒண்ணு போட்டுடலாமா?" என்று இளைஞர் கேட்டார்.

"வேணாம் தம்பி," என்றார் செயலாளர். "வெளியில போனத அழிக்க முடியுமா? இங்க மட்டும் அழிச்சா யாரோ பேர வெட்டத்தான் அழிச்சாங்கன்னு ஊரு பேசும்."

அந்தக் காரணம் சரியானது. வேறு குழுக்களுக்குப் போன நகல்கள் அப்படியே இருக்கும். மூலம் மட்டும் மறைந்தால் எது கடைசி அறிவிப்பு என்பதே தெரியாமல் போகும். பழையதை விட்டுவைத்து, அது செல்லாது என்று புதியதில் தேதி போட்டுச் சொல்வது என்று முடிவானது. பழைய அறிவிப்பை நம்பிப் பெயர் கொடுத்த 23 பிள்ளைகளும் முதலில் பதிந்த வரிசையிலேயே ஏற்கப்பட்டார்கள்.

வாக்கெடுப்பு போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை அக்கா ஏற்கவில்லை. ஒரே போனை வைத்திருக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள் ஓடுவார்கள், ஆனால் ஒரு போனுக்கு ஒரு வாக்குதான் விழும். தவிர, 24 ஆனதும் வாக்கெடுப்பு தானாக நிற்காது, போட்ட வாக்கை யாரும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் பெயர்கள் குழுவுக்குள் வரக் கூடாது என்று வைத்தார்கள். ஒரு போட்டிக்கு ஒரே ஒரு போன். இரண்டு போனில் ஒரே போட்டிக்குப் பெயர் வாங்கினால் ஆளுக்குப் பதின்மூன்று சேர்த்துக்கொண்டு 26-இல் போய் நிற்பார்கள். பிள்ளைகள், பெண்கள் போட்டிகளெல்லாம் அக்காவின் போனுக்கு. பெண் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் 400 பேர் பார்க்கும் இடத்தில் கிடக்க வேண்டாம் என்பதும் அவர் சொன்ன காரணம். கபடியும் சைக்கிளும் செயலாளர் போனுக்கு. வாட்ஸாப் இல்லாதவர்கள் அதே எண்ணுக்குப் போன் செய்து சொன்னால் அதே நோட்டில் எழுதப்படும். பதிவெண் பதிலாக வந்தால்தான் பதிவு. அனுப்பியவர் போனில் இரண்டு டிக் விழுந்தது கணக்கில் வராது.

கடைசி நேரம் ஜனவரி 10, வெள்ளி, இரவு 8 மணி என்று ஆனது. மறுநாள் பரிசுப் பாத்திரம் வாங்கப் போக வேண்டும், அதற்கு எண்ணிக்கை தெரிய வேண்டும். 12, 13 தேதிகளில் கடைத்தெருவில் கால் வைக்க முடியாது. இரவு 8 மணியை யாரும் இரண்டு விதமாகப் படிக்க வழியில்லை.

வயதில்தான் கொஞ்சம் சிக்கல். "14 வயது வரை" என்றால் 14 முடியாதவனா, 15 முடியாதவனா? ஏற்கெனவே பதிந்தவர்களில் 14 முடிந்த பையன்கள் இருந்தார்கள். அவர்களை வெளியே தள்ள மனமில்லாமல் தாராளமான பொருளையே எடுத்துக்கொண்டு, விழா நாளில் 15 முடியாதவர்கள், அதாவது 17.1.2010 அன்றோ பிறகோ பிறந்தவர்கள் என்று தேதியாக எழுதினார்கள்.

வெளியூர் அணிகள் இரண்டிடமும் பெரியவர் பேசினார். ஓர் அணி தானாக விலகிக்கொண்டது. மற்றது, "நீங்க போட்டதுல ஊர்க்காரங்க மட்டும்னு இல்லையேங்க" என்றது. அதற்குப் பதில் இல்லாததால் அந்த அணி வைத்துக்கொள்ளப்பட்டது. உள்ளூரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, ஆனாலும் வேறு எதுவும் நேர்மையாக இருந்திருக்காது.

இரண்டாம் அறிவிப்பு

சனி இரவு 8 மணிக்குக் குழுவை நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றிவிட்டு இதைப் போட்டார்கள்:

> *முன்பதிவு கடைசி: ஜனவரி 10, வெள்ளி, இரவு 8 மணி*
> பொங்கல் விளையாட்டு, ஜனவரி 16 வியாழன், பள்ளி மைதானம். இது 2-ஆம் அறிவிப்பு. 3-ந் தேதி போட்டது செல்லாது. அதில் பெயர் கொடுத்த ஓட்டப் பிள்ளைகள் மறுபடி கொடுக்க வேண்டாம்.
>
> *செயலாளர் எண்ணுக்கு:*
> கபடி (65 கிலோ): 8 அணிகள், அணிக்கு 10 பேர். அணித்தலைவர் 10 பெயரையும் ஒரே செய்தியில் அனுப்பவும். நமது ஊராட்சி அணிகள் மட்டும் (முன்பே ஏற்ற ஓர் அணி தவிர).
> ஸ்லோ சைக்கிள்: 20 பேர்.
>
> *மகளிர் குழு எண்ணுக்கு:*
> 100 மீ: சிறுவர் 24 பேர், சிறுமியர் 24 பேர். 17.1.2010 அன்றோ பிறகோ பிறந்தவர். பெயர், பிறந்த தேதி, வீட்டுப் பெரியவர் பெயர் அனுப்பவும். ஊருக்கு வந்திருக்கும் பேரப்பிள்ளைகளும் சேரலாம்.
> கோலம்: 30 பேர்.
>
> பதிவெண் வந்தால்தான் பதிவு. எங்கள் போனுக்கு வந்து சேர்ந்த நேரமே கணக்கு. இடம் நிறைந்தால் காத்திருப்பு வரிசை. குழுவில் பெயர் போட வேண்டாம்.

கடைசி நேரத்தை முதல் வரியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. செய்தியைக் குழுவின் மேலே பின் செய்து வைத்தால் அதன் தொடக்கம் மட்டும்தான் கண்ணில் படும். வாட்ஸாப்பில் ஒரு நாள், 7 நாள், 30 நாள் என்று பின் செய்யலாம். இவர்கள் 7 நாள் வைத்தார்கள், 10-ஆம் தேதி தாண்டும்வரை அது போதும்.

அதன்பின் நடந்தது

கபடிக்கு 7-ஆம் தேதி செவ்வாய் இரவே எட்டு அணி நிறைந்துவிட்டது. "கபடி 8 நிறைந்தது, இனி காத்திருப்பு வரிசை" என்று அப்போதே குழுவில் ஒரு வரி போட்டார்கள். போடாமல் விட்டிருந்தால் வெள்ளி வரை அணிகள் வந்துகொண்டே இருந்திருக்கும். காத்திருப்பில் மூன்று அணி சேர்ந்தன. தனிப்பெயர் கொடுத்த ஏழு பேரில் ஐந்து பேர் வேறு ஐவரைச் சேர்த்துக்கொண்டு ஓர் அணியாக எட்டுக்குள் வந்தார்கள்.

பதிந்த அணி கடைசி நேரத்தில் வராமல் போவது கபடியில் சகஜம். அதனால் எட்டு அணிகளிடமும் 12-ஆம் தேதி பகலுக்குள் 500 ரூபாய் முன்பணம் கேட்டார்கள், ஆட வந்தால் திருப்பித் தருவதாகச் சொல்லி. பணம் கேட்டதும் ஓர் அணி, நான்கு பேருக்குத் திருப்பூரில் விடுப்பு இல்லை என்று விலகியது. காத்திருப்பில் முதலில் இருந்த அணி உள்ளே வந்தது. முன்பணம் பற்றி அறிவிப்பில் ஒரு வார்த்தைகூட இல்லையே என்று இரண்டு அணித்தலைவர்கள் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை.

வெள்ளி இரவு 8 மணிக்குப் பின் மூன்று பெயர் வந்தன. அதில் ஒரு தந்தை, தன் போனில் 7.52 என்று காட்டுகிறது என்று படம் பிடித்து அனுப்பினார். அக்காவின் போனில் அது 8.09-க்கு வந்து சேர்ந்திருந்தது. வயல்வெளியில் சிக்னல் இல்லாமல் நின்றிருக்கலாம். வந்து சேர்ந்த நேரமே கணக்கு என்று முன்பே எழுதியிருந்ததால் விவாதம் நீளவில்லை. பையன் காத்திருப்பில் முதலாவதாகச் சேர்க்கப்பட்டான், விழா நாளில் ஒரு பையன் காய்ச்சலில் வராததால் ஓடவும் செய்தான்.

ஸ்லோ சைக்கிளில்தான் தகராறு. 20 இடத்துக்கு 17 பேர்தான் பதிந்திருந்தார்கள். கடைசி நேரம் முடிந்த பிறகு வந்த இருவர், "இடந்தான் காலியா கெடக்கே, சேத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டார்கள். நேரமும் முடிந்து இடமும் மிச்சமிருந்தால் என்ன செய்வது என்பதை அறிவிப்பு சொல்லவில்லை. செயலாளர் மறுத்தார். பெரியவரோ மைதானத்தில் அவர்களைச் சேர்த்துவிட்டார். சைக்கிளுக்குச் சுற்றோ தடமோ குறுக்கே வராததால் போட்டி கெடவில்லை. ஆனால் 8.09-க்குப் பெயர் வந்த பையனின் தந்தை அங்கேயே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கபடி இறுதி ஆட்டம் 4.45-க்குப் பதில் 5.20-க்கு முடிந்தது. காலிறுதிகளில் இரண்டு இழுத்துவிட்டன. பரிசளிப்பு வெளிச்சத்திலேயே முடிந்தது. பத்து அணி வைத்திருந்தால் முடிந்திருக்காது.

சிறுவர் ஓட்டத்தில் இறுதிச் சுற்றுக்கு வந்த ஆறு பேருமே ஒன்பதாம் வகுப்புப் பையன்கள். வயதைத் தாராளமாக எடுத்துக்கொண்டதற்குச் சின்னப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு மாற்றுவது

24 பேர் என்ற வரம்பு மாறாது, ஆனால் பிறந்த தேதியை வைத்து 12, 12 என்று இரண்டு பிரிவாகும். பிரிவுக்கு இரண்டு சுற்று, ஓர் இறுதி. தனித்தனி இறுதியாகக் கூடுதல் ஓர் ஓட்டம் வந்தாலும் நடுவில் அரையிறுதி வேண்டாம் என்பதால் மொத்த நேரம் கூடாது.

அறிவிப்பில் மூன்று வரி புதிதாகச் சேரும். கபடிக்கு முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது ஒன்று. காத்திருப்பில் இருப்பவருக்கு இடம் கிடைத்தால் போனில் சொல்லப்படும், மூன்று மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போகும் என்பது இன்னொன்று. சைக்கிள், கோலம் இரண்டுக்கும் இடம் மிச்சமிருந்தால் விழா அன்று காலை 9 மணி வரை மைதானத்தில் பெயர் கொடுக்கலாம், கபடிக்கும் ஓட்டத்துக்கும் அது கிடையாது என்பது மூன்றாவது. இந்த மூன்றும் சேர்ந்தால் அறிவிப்பு மறுபடி நீளும் என்று இளைஞர் சொன்னார். அதற்காக அவற்றை அறிவிப்பின் அடியில் வைக்கப் போகிறார்கள். மடிப்புக்குக் கீழே போனாலும் பெயர் கொடுக்க அவை தேவைப்படாது. தேதி, எண்ணிக்கை, யாருக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் மடிப்புக்கு மேலே நிற்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனையும் வைத்திருக்கிறார்கள். விழாக் குழுவில் இல்லாத ஒருவருக்கு, முடிந்தால் ஊரில் இல்லாத ஒருவருக்கு, அறிவிப்பைத் தனியாக அனுப்பி நான்கு கேள்வி கேட்பது: கடைசி நாள் எது, எட்டு என்றால் எட்டு என்ன, யாருக்கு அனுப்புவீர்கள், உங்கள் அக்கா பையன் ஓடலாமா. பதில் ஒன்று பிசகினாலும் அந்த வரியை மாற்றி எழுதிவிட்டுத்தான் குழுவில் போடுவார்கள்.